தலைப்பும் விளக்கமும் பக்கமும் ஒரே வாக்கைச் சொல்ல: கூகுள் தேடல் விளம்பரம் ஒன்றைத் திருத்தும் முறை

கோவையில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தின் விளம்பரத்தைத் திருத்திக் கொடுத்த அனுபவத்தை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கிளிக்குகள் வந்துகொண்டிருந்தன, ஆனால் அழைப்புகள் வரவில்லை. வந்த சில அழைப்புகளும் விலையைக் கேட்டவுடன் முடிந்துபோயின. உரிமையாளர் விளம்பரத்துக்கான தினசரித் தொகையைக் கூட்டலாமா என்று கேட்டார். நான் அதற்கு முன் விளம்பரத்தையும், அதைத் தொட்டவர் போய்ச் சேரும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தேன்.

விளம்பரத்தின் தலைப்புகள் மூன்று: “வீட்டுச் சுத்தம் முழு சேவை”, “தொட்டி சுத்தம் ₹499 முதல்”, “இன்றே வருவோம்”. விளக்கம்: “எல்லா வகைச் சுத்தப் பணிகளும் குறைந்த விலையில். உடனே அழையுங்கள்.” விளம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்ததோ நிறுவனத்தின் முகப்புப் பக்கம். அதில் சோபா, குளியலறை, தரை மெருகு ஆகிய படங்களுக்குப் பின் நான்காவதாகத்தான் தொட்டி வந்தது; விலை எங்கும் இல்லை; படிவத்தை நிரப்பினால், “48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்” என்று பதில் வந்தது. அதாவது தலைப்பு ஒரு பொருளையும் ஒரு விலையையும் ஒரு நேரத்தையும் சொன்னது. விளக்கம் அந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பொதுவாகப் பேசியது. பக்கம் மூன்றையும் மறுத்தது. தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் தேடி வந்தவர், தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று எண்ணித் திரும்பியதில் வியப்பில்லை.

முதற்படி: எந்த வாக்கை உண்மையில் காப்பாற்ற முடியும் என்று கேட்பது

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் நேராகத் தலைப்புப் பெட்டியைத் திறந்து சொற்களை மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, வேலையைச் செய்பவரிடம் உட்கார்ந்து பேசுவது. நான் கேட்டவை மூன்றே கேள்விகள். 499 ரூபாய்க்கு எந்தத் தொட்டியைச் சுத்தம் செய்வீர்கள்? 500 லிட்டர் தொட்டியை மட்டும். வாடிக்கையாளர்களிடம் பெரும்பாலும் இருப்பது எது? 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. அதற்கு 700 ரூபாய், போக்குவரத்தும் குளோரினும் சேர்த்து. இன்றே போக முடிகிறதா? எப்போதாவதுதான் முடியும்; ஆனால் மாலை 6 மணிக்குள் சொன்னால் மறுநாள் காலையில் உறுதியாகப் போய்விடுவோம். தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு மட்டும் நேரில் பார்க்காமல் விலை சொல்ல முடியாது.

இந்தப் பதில்களிலேயே புதிய விளம்பரம் இருந்தது. “₹499 முதல்” என்பது பொய்யன்று. ஆனால் அந்த விலைக்கு உரியவர் மிகச் சிலரே என்பதால், வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது பொய்யாகவே படுகிறது. 499ஐ எதிர்பார்த்து அழைத்தவர் 700 என்று கேட்கும்போது ஏமாற்றம் அடைகிறார். 700 என்று முதலிலேயே படித்துவிட்டு அழைப்பவர் பேரம்கூடப் பேசுவதில்லை. “முதல்” என்ற சொல்லைத் தேடல் விளம்பரத்தில் நான் இயன்றவரை தவிர்ப்பது இதனால்தான்.

ஆகவே நாங்கள் ஒப்புக்கொண்ட வாக்கு இது: கோவையில் 1000 லிட்டர் மாடித் தொட்டியை 700 ரூபாய்க்கு, பதிந்த மறுநாள் காலையில் வந்து சுத்தம் செய்து தருகிறோம். இந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். இனி எந்தப் பெட்டியில் எதை எழுதினாலும் இந்த வாக்கியத்துக்குள் இருப்பதையே எழுத வேண்டும். இதில் இல்லாத சோபாவும் குளியலறையும் வேறொரு விளம்பரக் குழுவுக்கு, அதாவது தனக்கென்று தேடுசொற்களும் விளம்பரங்களும் கொண்ட வேறொரு தொகுப்புக்கு, வேறொரு பக்கத்தோடு போக வேண்டும்.

இரண்டாம் படி: இடத்தின் அளவை அறிதல்

இப்போது கூகுள் தேடலில் எழுதப்படும் விளம்பரத்துக்கு ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரம் என்று பெயர். 2022 ஜூன் 30க்குப் பின் பழைய வகை உரை விளம்பரத்தைப் புதிதாக எழுதவோ திருத்தவோ முடியாது. இந்த வகையில் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்துகள், விளக்கம் ஒவ்வொன்றுக்கும் 90 எழுத்துகள் வரை இடம் உண்டு. குறைந்தது 3 தலைப்புகளும் 2 விளக்கங்களும் தர வேண்டும்; அதிகமாக 15 தலைப்புகளும் 4 விளக்கங்களும் தரலாம். அவற்றிலிருந்து கூகுள் தானே தேர்ந்தெடுத்து, அதிகமாக 3 தலைப்புகளையும் 2 விளக்கங்களையும் சேர்த்துக் காட்டும்.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எழுத்தென்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. “கோ” நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியில் அது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. “கோயம்புத்தூரில்” என்ற சொல்லில் நம் கணக்கில் 8 எழுத்துகள். ஒருங்குறிக் கணக்கில் 15. தமிழில் தலைப்பின் 30 இடங்கள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. எது நுழையும், எது நுழையாது என்பதற்குப் பெட்டியோடு ஒட்டித் தெரியும் எண்ணிக்கையையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுங்கள்.

இந்த நெருக்கடி என்ன செய்ய வைத்தது என்று பாருங்கள். “கோயம்புத்தூரில் தொட்டி சுத்தம்” என்பது இடைவெளிகளையும் சேர்த்துச் சரியாக 30. மாடித் தொட்டி என்று சொல்ல இடம் இல்லை; ஆனால் அந்தச் சொல் வேண்டும், ஏனென்றால் 700 ரூபாய் மாடித் தொட்டிக்கு மட்டுமே உரியது. “கோயம்புத்தூரில்” என்பதைக் “கோவையில்” ஆக்கினால் 7 இடங்கள் மிச்சமாகின்றன. “மாடித்” என்ற சொல்லும் அதன் பின்வரும் இடைவெளியும் சேர்ந்து 7தான். ஆக “கோவையில் மாடித் தொட்டி சுத்தம்” மறுபடியும் சரியாக 30இல் நின்றது. ஊர்க்காரர்கள் பேச்சில் சொல்லும் பெயரும் அதுவே.

மூன்றாம் படி: தலைப்புகள்

கூகுள் தலைப்புகளைத் தன் விருப்பப்படி சேர்க்கும் என்பதால், தலைப்புகள் ஒன்றையொன்று நம்பி நிற்கக் கூடாது. பழைய பழக்கத்தில் முதல் தலைப்பில் “1000 லிட்டர் தொட்டிக்கு”, இரண்டாவதில் “₹700 மட்டுமே” என்று எழுதினால், இரண்டாவது மட்டும் வேறொன்றோடு சேர்ந்து தோன்றும் நாளில், சம்ப் தொட்டி வைத்திருப்பவரும் தனக்கு 700 ரூபாய் என்று படித்துக்கொள்வார். ஆகையால் வாக்கும் அதன் நிபந்தனையும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும். விலை இருக்கும் பெட்டியிலேயே அளவும் இருக்கட்டும்.

நாங்கள் வைத்த முக்கியமான மூன்று தலைப்புகள் இவை:

கோவையில் மாடித் தொட்டி சுத்தம் (30)
1000 லிட்டர் தொட்டி ₹700 (24)
மறுநாள் காலை வருகிறோம் (22)

மூன்றாவதில் ஒரு குறை இருந்தது. மாலை 6 மணிக்குள் பதிந்தால்தான் மறுநாள் காலையில் வர முடியும். அந்த நிபந்தனையையும் சேர்த்து 30க்குள் இயல்பான தமிழில் எழுத எனக்கு வரவில்லை. சொல்லில் அடங்காததை அமைப்பில் அடக்கினோம். விளம்பரம் காட்டப்படும் நேரத்தைக் காலை 6 முதல் மாலை 6 வரை என்று அட்டவணையில் குறுக்கிவிட்டால், இரவு 9 மணிக்குத் தேடுபவருக்கு இந்த வாக்கு போய்ச் சேர்வதே இல்லை. “கோவையில்” என்ற சொல்லையும் இப்படித்தான் உண்மையாக்க வேண்டும். இட அமைப்பு இயல்பாக `Presence or interest` என்று இருக்கும். அப்படியே விட்டால் கோவையைப் பற்றித் தேடும் வேறு ஊர்க்காரருக்கும் விளம்பரம் போகும். அதை `Presence` என்று மாற்றினோம்.

எஞ்சிய தலைப்புகளில் இதே மூன்று செய்திகளை வேறு சொற்களில் எழுதினோம். “₹700ல் 1000 லிட்டர் தொட்டி” (26), “தொட்டி சுத்தம், நாளை காலை” (25) என்பவை போல. 15 பெட்டிகளையும் நிரப்பச் சொல்லி, விளம்பர வலிமை என்ற அளவுகோல் உங்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று கூகுள் முடிவுசெய்யும் ஏலத்தில் அந்த அளவுகோல் நேராகக் கணக்கிடப்படுவதில்லை. அதை உயர்த்துவதற்காக உண்மையல்லாத எட்டாவது தலைப்பை எழுதுவதைவிட, உண்மையான ஏழோடு நிற்பதையே நான் விரும்புகிறேன். இன்னொன்று, தலைப்பில் ஆச்சரியக்குறி போட்டால் விளம்பரம் ஏற்கப்படாது. தொலைபேசி எண்ணையும் விளம்பர உரையில் எழுதக் கூடாது, அதற்குத் தனி இடம் இருக்கிறது.

அடுத்தது, பின் குத்துதல். ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் ஒரு குண்டூசிப் படம் இருக்கும். அதைத் தொட்டு அந்தத் தலைப்பு எந்த இடத்தில் மட்டும் வர வேண்டும் என்று நிறுத்தலாம். ஊரும் பொருளும் சொல்லும் தலைப்பை முதலிடத்திலும், விலை சொல்லும் இரண்டு தலைப்புகளை இரண்டாம் இடத்திலும் நிறுத்தினோம். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவற்றை நிறுத்தினால் கூகுள் அவற்றுள் மாற்றிமாற்றிக் காட்டும். மூன்றாம் இடம் எப்போதும் தோன்றும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகையால் விட்டுப்போகக் கூடாத எதையும் அங்கே மட்டும் வைக்காதீர்கள்.

நான்காம் படி: விளக்கம்

விளக்கத்தின் வேலை, தலைப்பில் நெருக்கிச் சொன்னதை அதே வரிசையில் அவிழ்த்துச் சொல்வது. புதிய சிறப்புகளை அடுக்குவது அதன் வேலையன்று. முதல் விளக்கம் இப்படி அமைந்தது:

1000 லிட்டர் மாடித் தொட்டி ₹700. இன்று மாலை 6க்குள் பதிந்தால் நாளை காலை வருகிறோம். (82)

தலைப்பில் அடங்காத 6 மணி நிபந்தனை இங்கே வந்துவிட்டது. மூன்றாம் தலைப்பு தோன்றாத வேளையிலும் நேரம் பற்றிய வாக்கு படிப்பவர் கண்ணில் படும் என்பதால், இதை முதல் விளக்கமாகவே பின் குத்தினோம். இரண்டாவது:

சம்ப் தொட்டிக்கு நேரில் பார்த்தபின் விலை சொல்வோம். பார்வையிடக் கட்டணம் இல்லை. (77)

உரிமையாளருக்கு இந்த இரண்டாவது வாக்கியத்தில் தயக்கம் இருந்தது. விலை தெரியாது என்று விளம்பரத்திலேயே சொல்வானேன் என்றார். சம்ப் தொட்டி உள்ளவர் அந்த விவரத்தைத் தொட்ட பிறகு அறிவதைவிடத் தொடுமுன் அறிவது எல்லோருக்கும் நல்லது. ஒவ்வொரு கிளிக்குக்கும் நாம்தானே பணம் கொடுக்கிறோம். பழைய “குறைந்த விலை” என்பதை நீக்கினோம்; “தரமான சேவை”, “அனுபவமிக்கவர்கள்” போன்றவற்றையும் சேர்க்கவில்லை. அவற்றில் எதையும் பக்கத்தில் காட்டி நிறுவ முடியாது.

விளம்பரத்தில் தெரியும் முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின் தலா 15 எழுத்துகளில் இரண்டு சிறு பகுதிகள் சேர்க்கலாம். அதில் “தொட்டி-சுத்தம்” (14) என்று வைத்தோம். அப்படி ஒரு பக்கம் உண்மையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், தொட்டியைப் பற்றிய பக்கம்தான் திறக்கும் என்று படிப்பவர் அதை நம்புகிறார். ஆகவே அதுவும் ஒரு வாக்குதான்.

ஐந்தாம் படி: சேரும் பக்கம்

முகப்புப் பக்கத்தைத் திருத்துவதில் நேரம் செலவிடாமல், தொட்டிச் சுத்தத்துக்கென்றே ஒரு தனிப் பக்கம் அமைத்து அதன் முகவரியை `Final URL` பெட்டியில் இட்டோம். சோதனை எளிது. பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, விரலால் நகர்த்தாமல் முதல் திரையில் தெரிவதை மட்டும் படியுங்கள். விளம்பரத்தின் மூன்று செய்திகளும் அதே சொற்களில் அங்கே இருக்க வேண்டும். “அதே சொற்களில்” என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளம்பரத்தில் “மாடித் தொட்டி” என்றும் பக்கத்தில் “மேல்நிலை நீர்த்தேக்கக் கலன்” என்றும் எழுதினால் பொருள் ஒன்றாக இருந்தாலும், வந்தவர் ஒரு கணம் தயங்குகிறார். கைப்பேசியில் அந்தத் தயக்கமே திரும்பிப் போவதற்குப் போதும்.

எனவே பக்கத்தின் தலைப்பு “கோவையில் மாடித் தொட்டி சுத்தம்” என்றே வந்தது. அதன்கீழ் “1000 லிட்டர் தொட்டி ₹700. போக்குவரத்தும் குளோரினும் சேர்த்து.” அதன்கீழ் “மாலை 6க்குள் பதியுங்கள். நாளை காலை வருகிறோம்.” பிறகு பதிவதற்கான பொத்தானும் அழைப்பதற்கான பொத்தானும். இவ்வளவும் முதல் திரையில். 500 லிட்டருக்கு ₹499 என்ற விலை, சம்ப் தொட்டி பற்றிய குறிப்பு, சுத்தம் செய்யும் முறை, எந்தெந்தப் பகுதிகளுக்கு வருவார்கள் என்ற பட்டியல் ஆகியவை கீழே வந்தன. விளம்பரத்தில் சொன்ன விலையோ சலுகையோ பக்கத்தில் எளிதில் கிடைக்காவிட்டால் கூகுளின் கொள்கைப்படியே விளம்பரம் நிராகரிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலர் மறந்துவிடும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, படிவத்தை அனுப்பிய பின் தோன்றும் செய்தி. அதில் பழைய “48 மணி நேரத்துக்குள்” என்ற வரி அப்படியே இருந்தது. அதை “இன்று இரவு 8க்குள் அழைத்து, நாளை வரும் நேரத்தைச் சொல்வோம்” என்று மாற்றினோம். மற்றொன்று, தொலைபேசியை எடுப்பவர். அவரிடம் விளம்பரத்தின் அச்சுப்படியைக் கொடுத்து வையுங்கள். அவர் வாயிலிருந்து வேறொரு விலை வந்தால் இதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

மொழியும் பொருந்த வேண்டும். கூகுள் விளம்பரங்கள் 2018 முதல் தமிழ் மொழிக்கு ஆதரவு தருகின்றன. என்றாலும் இதே தேவைக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடுபவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தனி விளம்பரக் குழுவும், ஆங்கில விளம்பரமும், ஆங்கிலப் பக்கமும் வைத்தோம். தமிழ் விளம்பரத்தைத் தொட்டு ஆங்கிலப் பக்கத்தில் இறங்குவதும் ஒரு வாக்குப் பிறழ்வுதான்.

ஆறாம் படி: பழைய வாக்குகளைத் தேடிக் களைதல்

விளம்பரத்தைத் திருத்தியாயிற்று என்று எண்ணியிருந்தபோது, அதன்கீழ் “24 மணி நேர சேவை” என்ற சிறு வரி தோன்றுவதைப் பார்த்தேன். முன்பு யாரோ கணக்கு முழுவதற்குமாகச் சேர்த்து வைத்திருந்த கால்அவுட் அது. 25 எழுத்துகள் வரை எழுதக்கூடிய இந்தத் துண்டுகள் எந்த விளம்பரத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் கால்அவுட், தளத்தின் வேறு பக்கங்களுக்குக் கொண்டுபோகும் சைட்லிங்க், விலைப் பட்டியல் போன்ற இணைப்புகள் அனைத்தையும் கணக்கு, விளம்பரக் குழுக்களை உள்ளடக்கிய பிரசாரம், விளம்பரக் குழு ஆகிய மூன்று மட்டத்திலும் திறந்து பாருங்கள். கூகுள் தானே தலைப்புகளை உருவாக்கிச் சேர்க்கும் வசதி பிரசார அமைப்பில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது உங்கள் பக்கத்திலிருந்தும் சொற்களை எடுக்கும் என்பதால், பக்கத்தின் அடியில் மறந்துபோய்க் கிடக்கும் சென்ற ஆண்டுச் சலுகை திடீரென்று தலைப்பாக ஏறிவிடக் கூடும். நாங்கள் அதை அணைத்துவிட்டோம்.

பார்ப்பதற்குக் கூகுளில் நீங்களே மீண்டும் மீண்டும் தேடாதீர்கள். அது உங்கள் விளம்பரத்தின் கணக்கையே குழப்பும். `Ad Preview and Diagnosis` என்ற கருவியில் பாருங்கள். எந்தெந்தத் தலைப்புகள் எப்படிச் சேர்ந்து காட்டப்பட்டன என்பதை விளம்பரத்தின் `Combinations` பகுதியில் காணலாம். அங்கே தெரியும் ஒவ்வொரு சேர்க்கையையும் வாய்விட்டுப் படித்து, தாளில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள்.

சரியாயிற்றா என்று அறிவது

திருத்திய விளம்பரம் மறுபடியும் பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வேலை நாளில் முடிந்துவிடும். அதன்பின் இரண்டு நாளில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். சிறு கணக்குகளில் கிளிக்குகள் குறைவு. ஒரு நல்ல நாளும் ஒரு மோசமான நாளும் உங்களை எளிதில் ஏமாற்றிவிடும்.

முதலில் `Search terms` அறிக்கையைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தார்கள் என்று பாருங்கள். எங்கள் கணக்கில் தொட்டி வாங்கத் தேடியவர்களும் இருந்தார்கள். “விலை என்ன”, “புதிய தொட்டி” போன்ற சொற்களை, தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டப்படாமல் தடுக்கும் எதிர்மறைச் சொற்களாகச் சேர்க்கலாமா என்று பேசி, இரண்டாவதை மட்டும் சேர்த்தோம், ஏனென்றால் சுத்தம் செய்யும் விலையைத் தேடுபவர் நமக்கு வேண்டியவர்.

பிறகு விளம்பரக் குழுவில் நீங்கள் கொடுத்திருக்கும் ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் 1 முதல் 10 வரை தரப்படும் தர மதிப்பெண்ணின் உட்பிரிவுகளைப் பாருங்கள். எதிர்பார்க்கப்படும் கிளிக் வீதம், விளம்பரப் பொருத்தம், பக்க அனுபவம் என மூன்றும் தனித்தனியே சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று காட்டப்படும். விளம்பரப் பொருத்தம் நன்றாக இருந்து பக்க அனுபவம் மட்டும் கீழே இருந்தால், தலைப்பைத் தொடாமல் பக்கத்தைப் பாருங்கள். அது மெதுவாகத் திறப்பதாலும் இப்படி நேரலாம். தேடல்கள் குறைவாக இருந்தால் மதிப்பெண்ணுக்குப் பதில் ஒரு கோடு மட்டும் தெரியும், அது பிழையன்று.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் தொலைபேசி உரையாடல்தான். வாக்குகள் பொருந்தாதிருந்தபோது அழைத்தவர்களின் முதல் கேள்வி “499 ரூபாய்தானே?” என்பது. பொருந்திய பிறகு முதல் கேள்வி “நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?” என்பதாக மாறியது. கிளிக்குகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்தால் பதறாதீர்கள். 499ஐ நம்பி வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது தொடாமலேயே கடந்து போகிறார்கள், அவர்களுக்கான செலவும் மிச்சம்.

இனி விலையை மாற்றும் நாள் வரும். அன்று எதை முதலில் மாற்றுவது என்பதில் ஒரு வரிசை உண்டு. விலையை 700இலிருந்து 800 ஆக உயர்த்துவதானால், விளம்பரத்தை முதலில் மாற்றி, புதிய வாசகம் ஒப்புதல் பெற்று ஓடத் தொடங்கிய பின்பே பக்கத்தை மாற்றுங்கள். இடைப்பட்ட நேரத்தில் 800 என்று படித்து வருபவர் 700ஐக் காண்பார், அந்த வேலையை 700க்கே செய்து கொடுங்கள். விலையைக் குறைப்பதானால் பக்கத்தை முதலிலும் விளம்பரத்தைப் பிறகும் மாற்றுங்கள். இரண்டு வகையிலும், விளம்பரம் சொன்னதைவிட மோசமான ஒன்றைப் பக்கத்தில் காணும் நிலை ஒரு மணி நேரத்துக்குக்கூட யாருக்கும் வராது.